சாப்பிடவில்லையா, சாப்பிட மாட்டாயா? மாண்டரினின் 'பு', 'மேய்' பிரிவைப் பிடிக்க ஒரு வழி

தென்சீனாவின் குவாங்சோவில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். ராத்திரி எட்டு மணி இருக்கும். கீழ்வீட்டு அம்மா கதவைத் தட்டினார். கையில் மூடி போட்ட கிண்ணம், மூடியின் ஓரத்தில் சூப்பின் ஆவி. 吃了吗? (ச்சி ல மா?) என்று கேட்டார். சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். எனக்கு நல்ல பசி. 'இன்னும் சாப்பிடவில்லை' என்று சொல்ல நினைத்து, 我不吃 (வோ பு ச்சி) என்றேன். அவர் முகம் வாடியது. சரி என்று தலையாட்டிவிட்டு இரண்டு படி இறங்கினார். அப்புறம் என்ன தோன்றியதோ, திரும்பி நின்று கேட்டார்:

没吃还是不吃? (மேய் ச்சி ஹாய்ஷி பு ச்சி?)

'சாப்பிடவில்லையா, சாப்பிட மாட்டாயா?' நான் சொன்னது இரண்டாவது. சொல்ல வேண்டியது முதலாவது. மாண்டரின் கற்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் எதிர்மறையில் தடுக்கி விழும் இடம் இதுதான். ஆனால் அந்த அம்மாவின் கேள்வியைத் தமிழில் போட்டுப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். அந்தப் பிரிவு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கில வழியாகச் சீனம் படிப்பதால்தான் அது கண்ணில் படாமல் போகிறது. இந்தக் கட்டுரை அதைத் தமிழ் வழியாகவே காட்டப் பார்க்கிறது.

முதலில் ஒலி

不 என்பதைப் பாடப்புத்தகங்கள் `bù` என்று எழுதும். கைபேசியில் தட்டும்போது `bu`. அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு அதை ஆங்கில ஒலியாகச் சொல்ல வேண்டாம். 'புலி' என்னும்போது வரும் 'பு' மிகவும் நெருக்கம். தொனி நான்காவது, அதாவது மேலிருந்து சட்டென்று கீழே விழும். அடுத்து வரும் சொல்லும் நான்காம் தொனியாக இருந்தால் மட்டும் 'பு' இரண்டாம் தொனிக்கு மாறி மேலே ஏறும். 不是 (பு ஷி), 不去 (பு ச்யூ) இரண்டிலும் அப்படித்தான். 不来 (பு லாய்), 不吃 (பு ச்சி) ஆகியவற்றில் மாறாது.

没 `méi`. 'மேய்' என்று சொன்னால் சரி. எப்போதும் ஏறும் இரண்டாம் தொனி. இதற்கு மாற்றம் கிடையாது.

அடைப்புக்குள் நான் தரும் தமிழ் எழுத்து ஒரு கைத்தாங்கல்தான். 吃 என்பதை 'ச்சி' என்று எழுதினாலும் அதில் நம் 'இ' இல்லை, நாக்கை மேல்நோக்கி மடக்கி வைத்துக்கொண்டு விடும் ஒலி. உச்சரிப்பைக் காதால்தான் பிடிக்க வேண்டும்.

படி 1: 'இருக்கு – இல்லை' ஜோடியைப் பிடியுங்கள்

எல்லாமே இங்கிருந்துதான் தொடங்குகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

மாண்டரினில் 有 (யோ) என்றால் இருக்கிறது, உண்டு. அதன் எதிர்மறை 没有 (மேய் யோ). இல்லை.

我有钱 (வோ யோ ச்சியென்): என்னிடம் பணம் இருக்கிறது.
我没有钱 (வோ மேய் யோ ச்சியென்): என்னிடம் பணம் இல்லை.

不有 என்று சொல்ல முடியாது. யோவுக்கு மேய் மட்டும்தான். பேச்சில் யோவை விழுங்கிவிட்டு 没钱 (மேய் ச்சியென்) என்று மட்டும் சொல்வதும் சகஜம்.

இப்போது தமிழைப் பாருங்கள். 'பணம் இல்லை' என்பதில் இருக்கும் அதே இல்லைதான் 'வரவில்லை' என்பதிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வர + இல்லை. நடக்காத ஒரு செயலைச் சொல்ல, 'இருப்பு இல்லை' என்று சொல்லும் சொல்லையே நாம் எடுத்து வினையோடு சேர்க்கிறோம். மாண்டரினும் அப்படியே செய்கிறது.

他没有来 (தா மேய் யோ லாய்): அவன் வரவில்லை.
他没来 (தா மேய் லாய்): அதே அர்த்தம், யோ இல்லாமல்.

பணம் இல்லை, வரவில்லை: இரண்டிலும் ஒரே இல்லை. மேய் யோ ச்சியென், மேய் யோ லாய்: இரண்டிலும் ஒரே மேய் யோ. முடிந்த செயலை மறுக்க ஏன் மேய் வருகிறது என்ற கேள்விக்கு விடை இதுதான். ஒரு செயல் நடந்து முடிந்தால் அது உலகத்தில் ஒரு நிகழ்ச்சியாக இருக்கிறது. அதை மறுப்பது என்றால், அப்படி ஒரு நிகழ்ச்சி இல்லை என்று சொல்வது. பணப்பையைத் திறந்து காட்டி 'இல்லை' என்பது போல, நேற்றைய நாளைத் திறந்து காட்டி 'அவன் வருகை இதில் இல்லை' என்கிறோம்.

'பு' செய்யும் வேலை வேறு. அது நிகழ்ச்சியைத் தேடிப் பார்ப்பதில்லை. விருப்பம், வழக்கம், தன்மை, நிலை ஆகியவற்றை மறுக்கிறது. 我不吃 என்றால் சாப்பிட மாட்டேன், அல்லது அதைச் சாப்பிடுகிற வழக்கம் எனக்கு இல்லை. கீழ்வீட்டு அம்மா கிண்ணத்தோடு திரும்பியதற்கு இதுதான் காரணம். அவர் காதில் நான் மறுத்தது நடந்து முடிந்த சாப்பாட்டை அல்ல, அவர் கொண்டுவந்த சூப்பை.

குவாங்சோ தெருவில் கேட்கும் இன்னொரு சீன மொழியான கான்டனீஸிலும் இதே பிரிவுதான், சொற்கள் மட்டும் வேறு. அங்கே மாண்டரின் மேய் யோவுக்கு இணையான சொல்லை 冇 என்று எழுதுகிறார்கள். 有 என்ற எழுத்தின் வயிற்றுக்குள் இருக்கும் இரண்டு கோடுகளை எடுத்துவிட்டால் 冇. உள்ளே ஒன்றும் இல்லை. கடைக் கதவில் தொங்கும் அட்டையில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த இலக்கணம் முழுவதும் ஒரே எழுத்தில் ஞாபகம் வரும்.

படி 2: முதலில் உடன்பாட்டு வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள்

எதிர்மறை சொல்வதற்கு முன், 'ஆமாம்' என்றிருந்தால் அந்த வாக்கியம் எப்படி இருக்கும் என்று மனதுக்குள் சொல்லுங்கள். அதில் வினைக்குப் பின்னால் 了 (ல) இருக்கிறதா, 过 (க்வோ) இருக்கிறதா? இருந்தால் மறுப்பு மேய். இரண்டும் இல்லாத வெறும் வினையோ குணச்சொல்லோ என்றால் பெரும்பாலும் பு.

'ல' செயல் முடிந்ததைக் காட்டுகிறது. 我买了票 (வோ மாய் ல பியாவ்): டிக்கெட் வாங்கினேன். மறுக்கும்போது:

我没买票 (வோ மேய் மாய் பியாவ்): டிக்கெட் வாங்கவில்லை.

'ல' எங்கே போனது என்று கவனியுங்கள். மேய் வந்ததும் ல விழுந்துவிட்டது. 我没买了票 என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் அடிப்பார். முடிந்தது என்று காட்டும் குறி அது. முடிந்த செயலே இல்லை என்று சொன்ன பிறகு அதற்கு அங்கே வேலை இல்லை. தமிழிலும் 'வாங்கினேன்' என்பதில் இருக்கும் இறந்தகாலக் குறி 'வாங்கவில்லை' என்பதில் இல்லை. 'வாங்கினவில்லை' என்று யாரும் சொல்வதில்லை.

இதை இன்னும் ஆழமாகப் பார்த்தவர் மொழியியலாளர் வில்லியம் வாங். 'ல' என்பதும் மேய் யோவில் இருக்கும் 'யோ' என்பதும் ஒரே உருபின் இரண்டு வடிவங்கள் என்று 1965-இல் அவர் வாதிட்டார். உடன்பாட்டில் வினைக்குப் பின்னால் லவாக வருவது, எதிர்மறையில் வினைக்கு முன்னால் யோவாக வருகிறது. அதனால்தான் இரண்டும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து நிற்பதில்லை என்பது அவர் விளக்கம். அதை எல்லா ஆய்வாளர்களும் ஏற்க வேண்டும் என்பதில்லை. ஆனால் கற்கிறவருக்கு இது நல்ல பிடிமானம். மேய் யோ என்று சொல்லும்போதே லவுக்கான இடம் நிரம்பிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

தைவானிலும் சீனாவின் தெற்கிலும் 我有去 (வோ யோ ச்யூ), அதாவது 'போனேன்' என்று பேசுகிறவர்களைக் கேட்பீர்கள். 没有去 என்பதை அப்படியே உடன்பாடாகத் திருப்பிய வடிவம் அது. தேர்வில் எழுத வேண்டாம், அங்கே 去了 (ச்யூ ல) தான் சரி. ஆனால் யாராவது அப்படிச் சொன்னால் தவறாகக் கேட்டோமோ என்று குழம்ப வேண்டியதில்லை.

படி 3: 'க்வோ' விழாது

过 (க்வோ) அனுபவத்தைக் காட்டும் குறி. வாழ்க்கையில் ஒரு தடவையாவது நடந்திருக்கிறதா என்பதுதான் அதன் கேள்வி.

我去过北京 (வோ ச்யூ க்வோ பெய்ஜிங்): நான் பெய்ஜிங் போயிருக்கிறேன்.
我没去过北京 (வோ மேய் ச்யூ க்வோ பெய்ஜிங்): நான் பெய்ஜிங் போனதில்லை.

இங்கே மேய் வந்தும் க்வோ அப்படியே நிற்கிறது. ல விழுகிறது, க்வோ ஏன் விழவில்லை? எடுத்துவிட்டால் அர்த்தம் மாறிவிடும் என்பதால்தான். 我没去北京 என்றால் 'பெய்ஜிங் போகவில்லை'. போவதாக இருந்த ஏதோ ஒரு தடவை போகாமல் விட்டது மட்டும்தான். அதற்கு முன் பத்து முறை போயிருக்கலாம். 我没去过北京 என்றால் இதுவரை ஒருமுறைகூட இல்லை.

தமிழ் இதையும் பிரித்தே வைத்திருக்கிறது. போகவில்லை, போனதில்லை. இரண்டாவதைப் பிரித்தால் போனது + இல்லை, அதாவது 'போனது' என்று ஒன்று என் வாழ்க்கையில் இல்லை. மாண்டரினின் மேய் + ச்யூ க்வோவும் அதே கட்டுமானம்தான். அதனால் இங்கே விதியை மனப்பாடம் செய்ய வேண்டாம். மனதில் 'போனதில்லை, பார்த்ததில்லை, சாப்பிட்டதில்லை' என்று தமிழ் வந்தால் மேய்யும் க்வோவும் சேர்ந்து வரட்டும். 'போகவில்லை, பார்க்கவில்லை' என்று வந்தால் மேய் மட்டும்.

படி 4: காலத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள்

'இறந்தகாலத்துக்கு மேய், மற்றதுக்கு பு' என்று பல இடங்களில் சுருக்கமாகச் சொல்லித் தருகிறார்கள். முதல் வாரத்துக்கு அது போதும். இரண்டாம் மாதத்தில் அதுவே தவறுகளைக் கொண்டுவரும்.

我小时候不吃鱼 (வோ ஷியாவ்ஷிஹோ பு ச்சி யூ). சின்ன வயதில் நான் மீன் சாப்பிட மாட்டேன். எப்போதோ முடிந்துபோன காலம், ஆனாலும் பு. ஏனென்றால் மறுப்பது ஒரு வேளைச் சாப்பாட்டை அல்ல, ஒரு வழக்கத்தை. தமிழிலும் 'சின்ன வயதில்' என்று சொல்லிவிட்டு 'மாட்டேன்' என்றுதான் முடிக்கிறோம்.

இன்னொன்று. 昨天我叫他来,他不来 (ஜுவோதியென் வோ ஜியாவ் தா லாய், தா பு லாய்). நேற்று அவனைக் கூப்பிட்டேன், வர மாட்டேன் என்றுவிட்டான். இதே இடத்தில் 他没来 என்று போட்டால் 'வரவில்லை' என்ற தகவல் மட்டும் மிஞ்சும். மறந்திருக்கலாம், பஸ் கிடைக்காமல் போயிருக்கலாம். பு போட்டால் அது அவனுடைய பிடிவாதம். ஒரு எழுத்தில் ஒருவர் மேல் குற்றம் சாட்டிவிடலாம் என்பதால், வேலை இடத்தில் சக ஊழியரைப் பற்றிச் சொல்லும்போது இதில் கவனம் வேண்டும்.

எதிர்காலத்தில் மேய் வருவதும் உண்டு. 明天你来的时候,我可能还没下班. நாளை நீங்கள் வரும்போது ஒருவேளை நான் வேலையை முடித்திருக்க மாட்டேன். இங்கே தமிழ் 'மாட்டேன்' என்று முடிவதால் கை தானாக 'பு'வுக்குப் போகும். ஆனால் அந்த நேரத்தில் 'முடிந்தது' என்ற நிகழ்ச்சி இருக்காது என்பதுதான் சொல்ல வந்தது, அதனால் மேய். 还没 (ஹாய் மேய்) என்பது 'இன்னும் ... இல்லை'. இன்னும் என்ற சொல்லும் நடக்க வேண்டிய ஒரு செயலும் சேர்ந்து வந்தால் இந்த ஜோடியைத் தேடுங்கள்.

படி 5: நம் 'இல்லை' ஏமாற்றும் இடங்கள்

இதுவரை தமிழ் கைகொடுத்தது. இனி அதே தமிழ் காலை வாரும் இடங்களுக்கு வருவோம். தமிழ் பேசுகிறவர்கள் மேய்யைத் தேவைக்கு அதிகமாகப் போடுவதற்குக் காரணம் நம் 'இல்லை' எங்கும் நுழைந்துகொள்வதுதான்.

'அவர் டாக்டர் இல்லை' என்கிறோம். இலக்கணப்படி அது 'அல்ல'. மாண்டரின் அந்த 'அல்ல'வை இன்றும் விடவில்லை: 他不是医生 (தா பு ஷி யீஷெங்). 没是 என்று ஒன்று கிடையாது. வாக்கியத்தில் இல்லையை எடுத்துவிட்டு 'அல்ல' போட்டுப் பாருங்கள். பொருந்தினால் பு ஷி.

'விலை அதிகம் இல்லை', 'அழகாக இல்லை', 'நன்றாக இல்லை'. இவை குணங்கள். 不贵 (பு குவெய்), 不漂亮 (பு பியாவ்லியாங்), 不好 (பு ஹாவ்). ஆனால் குணம் ஒரு நிலையை எட்டுவதைப் பற்றிப் பேசினால் மேய் வந்துவிடும். 饭还没好 (ஃபான் ஹாய் மேய் ஹாவ்) என்றால் சோறு இன்னும் ஆகவில்லை, அடுப்பில் இருக்கிறது. 饭不好 என்றால் சோறு நன்றாக இல்லை. சமைத்தவர் எதிரில் நிற்கும்போது இந்த வித்தியாசம் பெரிது.

'தெரியவில்லை'. அதிகம் பேர் தவறுவது இதில்தான். தெரிவது என்பது ஒரு நிகழ்ச்சி அல்ல, ஒரு நிலை. அதனால் 我不知道 (வோ பு ஜிதாவ்). நேற்றைய விஷயமானாலும் அதுவே: 那时候我不知道, அப்போது எனக்குத் தெரியாது. 'தெரியவில்லை' என்று மனதில் வந்தால் அதைத் 'தெரியாது' என்று மாற்றிப் பாருங்கள். மாற்றினாலும் அர்த்தம் கெடாது என்றால் பு. பிடிக்கவில்லை என்பதும் இப்படித்தான், பிடிக்காது: 不喜欢 (பு ஷிஹுவான்).

'புரியவில்லை' மட்டும் இரண்டு பக்கமும் போகும். சீனம் வேகமாகப் பேசினால் எனக்குப் புரியாது என்றால் 听不懂 (திங் பு தொங்), இங்கே 'பு' வினைக்கு நடுவில் நுழைந்து 'முடியாது' என்ற அர்த்தம் தருகிறது. நீங்கள் இப்போது சொன்ன அந்த வாக்கியம் புரியவில்லை என்றால் 没听懂 (மேய் திங் தொங்). வகுப்பில் ஆசிரியரிடம் திரும்பச் சொல்லக் கேட்பதற்கு இரண்டாவது பொருத்தம். முதலாவதைச் சொன்னால் உங்களுக்கு அந்த அளவு மொழி வராது என்று எடுத்துக்கொண்டு வேறு எளிய சொற்களுக்குப் போய்விடுவார்.

ஒரு பத்தியை வைத்துச் செய்து பார்ப்போம்

மேலதிகாரிக்கு அனுப்ப வேண்டிய செய்தி தமிழில் இப்படி இருக்கிறது: 'நேற்று மீட்டிங் போகவில்லை. உடம்பு சரியில்லை. அந்த இடத்துக்கு நான் போனதும் இல்லை, வழியும் தெரியவில்லை. நாளைக்கும் போக முடியாது.' முதல் நான்கும் இல்லையில் முடிகின்றன. ஒவ்வொன்றாக எடுப்போம்.

போகவில்லை. உடன்பாடு 'போனேன்', 去了. ல இருக்கிறது, ஆகவே மேய் போட்டு லவை எடுத்துவிடுகிறோம்: 昨天我没去开会.

உடம்பு சரியில்லை. குணம், நிலை. நேற்றைய கதை என்றாலும் பு: 我身体不舒服.

போனதும் இல்லை. அனுபவம். க்வோ நிற்கும்: 那个地方我没去过.

வழி தெரியவில்லை. 'தெரியாது' என்று மாற்றினாலும் பொருந்துகிறது. பு: 不认识路. (வழி அறிந்திருப்பதற்கு 认识, ரென்ஷி, என்ற வினை வரும்.)

போக முடியாது. முடியும் என்பதன் மறுப்பு: 明天也不能去.

மேய், பு, மேய், பு, பு. நான்கு 'இல்லை'க்கு இரண்டு மேய், இரண்டு பு. இதே போல உங்கள் கைபேசியில் நீங்கள் தமிழில் அனுப்பிய பழைய செய்திகள் சிலவற்றை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். பாடப்புத்தகப் பயிற்சியை விட அது வேகமாகக் கை பழக்கும், ஏனென்றால் அவை நீங்கள் உண்மையில் சொல்கிற வாக்கியங்கள்.

இரண்டு விலக்குகள், வழியில் நிச்சயம் எதிர்ப்படும்

'மேய் வந்தால் ல விழும்' என்று கற்ற மறுநாளே 我三天没吃饭了 (வோ சான் தியென் மேய் ச்சி ஃபான் ல) என்ற வாக்கியத்தைப் பார்ப்பீர்கள். மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. இங்கே வாக்கியக் கடைசியில் நிற்கும் ல வேறு. செயல் முடிந்ததை அது சொல்லவில்லை, இந்த நிலை இப்போதுவரை மூன்று நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது என்கிறது. கால அளவு முன்னால் வந்தால் இது சாதாரணம்.

அதே கடைசி ல, 'பு'வோடும் சேரும். 我不去了 (வோ பு ச்யூ ல): போவதாக இருந்தேன், இனி போகவில்லை. தமிழில் 'போகவில்லை' என்றே நாம் இதைச் சொல்வதுண்டு, ஆனால் அர்த்தம் மனமாற்றம்.

பதில் சொல்வது எளிது. 你来不来? (நீ லாய் பு லாய்?), வருகிறாயா மாட்டாயா என்று கேட்டால் 不来. 你去了没有? (நீ ச்யூ ல மேய் யோ?), போனாயா இல்லையா என்று கேட்டால் 没有. கேள்வியின் வாலிலேயே பதிலுக்கான சொல் இருக்கிறது, அதைப் பிடித்துக்கொள்ளலாம். 吃了吗? என்று கதவைத் தட்டி யாராவது கேட்டு, உங்களுக்குப் பசியும் இருந்தால், 还没呢 (ஹாய் மேய் ந). 'இன்னும் இல்லையே.' அன்றைக்கு அந்த அம்மா படியில் நின்றபடியே எனக்குச் சொல்லிக்கொடுத்தது அதுதான். இரண்டு முறை சொல்லவைத்துவிட்டுத்தான் கிண்ணத்தைக் கையில் கொடுத்தார்.